அப்பச்சியின் முகத்துக்கு நான் கொடுத்த இருபத்தாறு நாட்கள்

காரைக்குடியில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவன் நான். இப்போது வயது 71. என் குரு, ஏவி.எம். ஸ்டுடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர். அவரிடம் பதினாறு வயதில் சேர்ந்து, காடாத் துணிக்கு வஜ்ஜிரமும் வெள்ளையும் பூசுவதில் தொடங்கி முகம் வரைவது வரைக்கும் வந்தேன். முகம் வரைய விடுவதற்கு மட்டும் ஏழு வருஷம் ஆனது. பிளெக்ஸ் வந்த பிறகு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுத வரவில்லை. போன வருஷம் கம்ப்யூட்டரில் முகம் மாற்றும் வேலை ஒன்றை ஒப்புக்கொண்டு, பணத்தையும் தூக்கத்தையும் விட்டேன். அதில் எங்கெங்கே தப்பு செய்தேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மே மாத விடுமுறைக்கு மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான், கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறவன். "ஐயா, நீங்க அந்தக் காலத்துல செஞ்சதும் இதேதான், வாங்க காட்டுறேன்" என்று மடிக்கணினியைத் திறந்தான். அவன் சொன்னது உண்மைதான். அந்த நாளில் படக் கம்பெனியிலிருந்து ஸ்டில் வரும்போது, நாயகன் முகம் நன்றாக விழுந்த ஸ்டில் ஒன்றாக இருக்கும், குதிரையில் உட்கார்ந்த உடம்பு வேறொன்றாக இருக்கும், சில சமயம் அந்த உடம்பு டூப் போட்டவருடையதாகவே இருக்கும். இந்த முகத்தை அந்த உடம்பில் உட்கார வைப்பது எங்கள் தினசரி வேலை. ஸ்டில் மேல் ஓர் அங்குலக் கட்டம் போட்டு, துணியில் ஓர் அடிக் கட்டம் போட்டு, கரியால் கோடு இழுத்து ஏற்றுவோம். பத்து நாளில் பேரன் எனக்கு இரண்டு வழிகளைக் கற்றுக்கொடுத்தான். ஒன்று, இரண்டு படத்தைக் கொடுத்தால் தானே முகத்தை மாற்றிவிடும் மென்பொருள். இன்னொன்று, போட்டோஷாப்பில் நாமே வெட்டி ஒட்டுவது. முதல் வழி அரை நிமிஷத்தில் முடிந்தது. என் பழைய போட்டோவில் அவன் முகத்தை வைத்துக் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது வழியைக் கற்றுக்கொள்ள நான் அவ்வளவு அக்கறை காட்டவில்லை, அரை நிமிஷ வேலை கையில் இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன். அங்கேதான் என் கஷ்டம் ஆரம்பம்.

பேரன் ஊருக்குப் போன மறுவாரம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் பெரியவர்களின் எண்ணெய் ஓவியங்களில் இரண்டைப் பல வருஷத்துக்கு முன்னால் நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். ஆச்சிக்கு எண்பது நிறைகிறது, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அன்றைக்கு முகப்பில் ஒரு குடும்பப் படம் மாட்ட வேண்டும், அதில் ஆச்சி பக்கத்தில் அவர் புருஷன் அப்பச்சி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பச்சி 1991-லேயே தவறிவிட்டார். அவருடைய தெளிவான படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. பினாங்கு போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் போட்டோவின் மிச்சப் பிரதி, கறுப்பு வெள்ளை, தகரப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். உடம்புக்குப் பொங்கலன்று வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் எடுத்த குடும்பப் படம். அதில் ஆச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் ஆச்சியின் தம்பி உட்கார்ந்திருந்தார். "மாமா முகத்துல அப்பச்சி முகத்தை வச்சுடுங்க, அவ்வளவுதான்" என்றார் மூத்த மகன். நாலடிக்கு மூன்றடி, கேன்வாஸ் பிரின்ட், தேக்குச் சட்டம், எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் பேசி 5,000 முன்பணம் வாங்கினேன். விழாவுக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அன்று ராத்திரியே மென்பொருளில் போட்டேன். அரை நிமிஷத்தில் வந்தது. முகம் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் பேரன் காட்டியபடி `Face Enhancer` என்பதை டிக் செய்தேன், பளிச்சென்று ஆனது. வாட்ஸாப்பில் மூத்த மகனுக்கு அனுப்பினேன். "பிரமாதம்" என்று பதில் வந்தது. மறுநாளே பிரின்ட் போட்டேன். சதுர அடி 150 ரூபாய், பன்னிரண்டு சதுர அடிக்கு 1,800. சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் ஆச்சி முன்னால் விரித்தேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். அப்புறம் மகனைப் பார்த்து, "என் தம்பிதானப்பா இருக்கான், அப்பச்சியை எங்கே?" என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஐம்பது வருஷம் முகம் வரைந்தவன் நான். ஆச்சி சொன்ன மறுகணம் எனக்கும் அது தெரிந்தது. வட்ட முகம், புடைத்த தாடை, சின்னக் காது, முன்மண்டை வழுக்கை எல்லாம் தம்பியுடையது. நடுவில் கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் அப்பச்சியுடைய மாதிரி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள் ஆனது, அதனால் சற்று விவரமாகச் சொல்கிறேன். இந்த மென்பொருள் முதலில் இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் என்று ஐந்து புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது. அதை வைத்து முகத்தை நேராக்கி ஒரு சதுரமாக எடுத்துக்கொண்டு, அந்தச் சதுரத்துக்குள் மட்டும் புது முகத்தை வரைந்து திரும்ப ஒட்டுகிறது. மண்டை வடிவம், தாடைக் கோட்டின் அகலம், காது, முடி, கழுத்து எல்லாம் பழைய படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். ஒரே மாதிரி முகவாகு உள்ள அண்ணன் தம்பிக்குள் மாற்றினால் அருமையாக வரும். ஒல்லி முகத்தை வட்ட முகத்தில் போட்டால் மூன்றாவது மனிதர் ஒருவர்தான் வருவார். என் குரு கண்ணை முதலில் வரைய விடமாட்டார். "மண்டையைப் போடுடா, காதை வை, தாடையை இழு, கண்ணு கடைசியில தானா வந்து உட்காரும்" என்பார். சாயல் வெளிக்கோட்டில்தான் பாதிக்குமேல் இருக்கிறது. இது எனக்குத் தெரிந்த விஷயம், திரையின் பளபளப்பில் மறந்துபோனேன்.

இரண்டாவது காரணம் அளவு. பேரன் போட்டுக்கொடுத்த அந்த மென்பொருள் உள்ளே பயன்படுத்துவது `inswapper_128` என்ற கோப்பு. அந்த 128 என்பதுதான் விஷயம். அது வரைகிற முகம் 128 புள்ளி அகலம், 128 புள்ளி உயரம், அவ்வளவே. போட்டோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முகம் அந்த அளவில்தான் உருவாகி, பிறகு இழுத்துப் பெரிதாக்கப்படுகிறது. நான் போட்ட பிரின்டில் ஒரு முகம் ஐந்து அங்குல உயரம். 128-ஐ ஐந்தால் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு 25 புள்ளி வருகிறது. கை நீட்டும் தூரத்தில் நின்று பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 150-க்குக் குறையாமல் வேண்டும். ரோட்டோரம் இருபது அடி உயரத்தில் நிற்கிற பேனருக்கு 25-ம் கண்ணுக்குத் தெரியாது, நாங்களும் அந்தக் காலத்தில் பேனரில் கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் திட்டுத் திட்டாகத்தான் பூசியிருப்போம். முகப்பில் மாட்டும் படம் அப்படி இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் மூக்குக்கு மூக்கு நின்று பார்ப்பார்கள். செல்போனில் பார்த்து "பிரமாதம்" என்று சொன்னவரையும் குறை சொல்ல முடியாது, போன் திரையில் அந்த முகம் சுண்டு விரல் நகம் அளவுதான் இருந்திருக்கும்.

அப்படியானால் `Face Enhancer` போட்டுத் தெளிவாக்கினோமே என்று கேட்கலாம். அது இல்லாத விவரத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியதால், இந்த இடத்தில் பொதுவாக இப்படித்தான் தோல் இருக்கும், இமை இருக்கும் என்று தானாக வரைந்து வைக்கிறது. அப்பச்சியின் வலக் கண்ணுக்குக் கீழே ஒரு மரு உண்டு. இடப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. மருவை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது, தழும்பில் முடி முளைக்க வைத்துவிட்டது, கன்னத்து அம்மைத் தழும்பை வழவழவென்று ஆக்கிவிட்டது. சினிமாக்காரர்களுக்கு இது பிடிக்கும். ஒரு மனைவிக்கு அந்த மருவும் தழும்பும்தான் புருஷன். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: மூலப் போட்டோவில் உள்ள மரு, தழும்பு, பல் இடைவெளி, இரண்டு கண்ணுக்கும் உள்ள உயர வித்தியாசம் இவற்றை வேலைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடித்த பிறகு ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் பிரின்ட் போட்டிருக்கவே மாட்டேன்.

இதை எல்லாம் பேரனிடம் அன்றே போனில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் எனக்குக் கற்றுக்கொடுத்த பெருமையில் இருந்தான், நண்பர்களிடம் எல்லாம் சொல்லியிருந்தான், அவனிடம் தோற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். செல்போனில் ஒரு செயலி விளம்பரம் வந்தது, பெரிய அளவில் முகம் மாற்றித் தருவதாக. மூன்று நாள் இலவசம் என்றார்கள், பதிவு செய்துகொண்டு இரண்டு போட்டோவையும் ஏற்றினேன். வந்த படம் முன்னதைவிட மோசம். செயலியை அழித்துவிட்டேன், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வாரம் 499 ரூபாய் வீதம் மூன்று வாரம் கணக்கிலிருந்து போயிருக்கிறது. மகள் பாஸ்புக் பதிவைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரியும். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு `Payments & subscriptions` என்ற இடத்துக்குப் போய் அங்கே நிறுத்த வேண்டும். என் வயதுக்காரர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் போனதைவிட மனசை அறுத்தது வேறு. நான் ஏற்றியது ஒரு குடும்பத்தின் முழுப் படம். அதில் கல்யாணமாகாத இரண்டு பேத்திகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருக்கிறது. அந்தப் படம் இப்போது எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முகம் மாற்றும் வித்தையை வைத்துப் பெண்பிள்ளைகளுக்கு என்னென்ன கொடுமை நடக்கிறது என்று பேப்பரில் படித்துக்கொண்டே இருக்கிறோம். நம்பிக் கொடுத்த படத்தை நானே அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். மூத்த மகனிடம் நேரில் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் முகம் மாறியது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அடுத்தவர் படம் நம் கைக்கு வந்தால் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். அப்படியே ஏதாவது சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் வேண்டிய ஒரு தலையை மட்டும் வெட்டி எடுத்து வைத்துச் சோதியுங்கள், மற்றவர்களை அதில் இழுக்க வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள் பேரனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஐயா, முதல்லயே சொல்லக்கூடாதா" என்றான். அப்புறம் இன்னொரு விஷயத்தையும் சொன்னான், அது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அந்த `inswapper_128` கோப்பை வெளியிட்டவர்கள் ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் மட்டும் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள், கூலி வாங்கிச் செய்கிற வேலைக்கு அது இல்லை. விளையாட்டுக்குச் செய்து பார்ப்பது வேறு, 9,000 ரூபாய் பேசிச் செய்வது வேறு. இலவசமாகக் கிடைக்கிறது என்றால் தொழிலுக்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தமில்லை, அனுமதிப் பத்திரத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆக, எனக்கு மிச்சமிருந்தது போட்டோஷாப்தான். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் போனில் வர, நான் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். மவுஸ் என் கைக்கு வசப்படவே இல்லை. அவனுடைய பழைய பேனாப் பலகை ஒன்று வீட்டில் கிடந்தது, அதை மாட்டிக்கொண்ட பிறகு தூரிகை பிடித்த மாதிரி ஆனது. கை நடுக்கத்துக்குத் தூரிகை அமைப்பில் `Smoothing` என்று ஒன்று இருக்கிறது, அதை 40-க்கு வைத்தால் கோடு தடுமாறாது.

இரண்டாவது பிரின்டும் வீணாய்ப் போனது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் தடவை மண்டை, காது, கழுத்து எல்லாம் சேர்த்து முழுத் தலையையும் எடுத்து வைத்தேன். ஆனால் பாஸ்போர்ட் படத்தில் விளக்கு வெளிச்சம் நாம் பார்க்கும்போது இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. வளவில் எடுத்த படத்தில் முற்றத்து வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து. தலை மட்டும் தனியாக ஒட்டியது போல் தெரிந்தது. மென்பொருள் வழியில் இந்தத் தொல்லை குறைவு, அது பழைய படத்தின் வெளிச்சத்தை ஓரளவு தழுவியே வரைகிறது, வெட்டி ஒட்டும் வழியில் வெளிச்சம்தான் முதல் எதிரி. `Flip Horizontal` என்று ஒன்று இருக்கிறதே என்று தலையை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் பொருந்திவிட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பேரனும் நன்றாயிருக்கிறது என்றான், அவன் அப்பச்சியைப் பார்த்ததில்லை. பதினெட்டாம் நாள் கொண்டுபோய் விரித்தேன். ஆச்சி, "யாரு இவுக?" என்றார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. மரு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போய்விட்டது, வகிடு மாறிவிட்டது, ஏறியிருந்த இடப் புருவம் வலமாகிவிட்டது. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. நாம் நம் முகத்தைக் கண்ணாடியில் திருப்பித்தான் பார்க்கிறோம், அதனால் நம் படத்தைத் திருப்பினால் நமக்கே உறைக்காது. முப்பத்தைந்து வருஷம் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவருக்கு உடனே தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் முகத்தைத் திருப்பிப் போடாதீர்கள். இன்னொரு 1,800 போனது.

வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பாஸ்போர்ட் போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் என் பழைய புத்தி வேலை செய்தது. உடம்புக்காக முகத்தை வளைக்கிறேனே, முகம் ஒன்றுதான் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. உடம்பை மறுபடி எடுக்கலாமே! வீட்டில் எல்லோரும் வந்து சேர ஆரம்பித்திருந்தார்கள். மூத்த மகனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். வளவில் முன்னே உட்கார்ந்த பக்கத்திலிருந்து முற்றத்தைத் தாண்டி எதிர்ப் பக்கத் தாழ்வாரத்தில் நாற்காலிகளைப் போட்டேன். இப்போது அதே முற்றத்து வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அப்பச்சி நாற்காலியில் இளைய மகனை உட்கார வைத்தேன், தோளும் கழுத்து நீளமும் அப்பா மாதிரி என்று ஆச்சியே சொன்னார்கள். பாஸ்போர்ட் படத்தில் கேமரா கண் உயரத்தில் நேராக இருந்தது, அதனால் போனைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் அவர் கண் மட்டத்துக்கு ஒரு முக்காலியில் வைத்து, எட்டடி தள்ளி எடுத்தேன். கிட்டே நின்று எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும், பிறகு எந்தத் தலையும் அந்தக் கழுத்தில் பொருந்தாது. இளைய மகனின் மனைவி அவருக்கு வெள்ளைச் சட்டையை மாற்றி, கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட் படத்தில் அப்பச்சி அப்படித்தான் போட்டிருந்தார், அதனால் சேர்மானக் கோடு காலருக்குள் மறைந்துவிடும்.

போட்டோவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். அதற்கு மேல் போட்டால் தாளின் சொரசொரப்புதான் பெரிதாகும், முகம் பெரிதாகாது. முகத்துக்கு ஏறக்குறைய 800 புள்ளி உயரம் கிடைத்தது, ஐந்து அங்குலத்துக்கு அங்குலம் 160, போதும். தலையைச் சுற்றி வெட்டிப் புது அடுக்கில் வைத்து, `Opacity`-யை 50 ஆக்கி, `Ctrl+T` அழுத்தி, கீழே இருக்கும் மகனின் கண் கோட்டோடு அப்பச்சியின் கண் கோட்டை ஒட்டினேன். அளவுக்குப் பேனர் கணக்கு: தோள் அகலம் தலை உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஒட்டு வேலையில் தலை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், முகம் நன்றாகத் தெரியட்டும் என்ற ஆசையில் நம் கை பெரிதாக்கிவிடும். அளந்துவிடுங்கள். ஓரங்களை அழிப்பானால் அழிக்காமல் `Layer Mask` போட்டுக் கறுப்புத் தூரிகையால் மறைத்தேன், தப்பானால் வெள்ளையால் திரும்பக் கொண்டுவரலாம்.

அப்புறம் நிறம். இந்தப் பகுதியில்தான் அந்த இருபத்தாறு நாளில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம் வந்தது. கறுப்பு வெள்ளைத் தலைக்கு மேலே ஒரு வெற்று அடுக்கு போட்டு அதன் கலப்பு முறையை `Color` என்று மாற்றினால், பூசுகிற நிறம் மட்டும் ஏறும், வெளிச்சமும் நிழலும் கீழே இருப்பதே தெரியும். பேரன் மகனின் கையிலிருந்து ஒரு தோல் நிறத்தை எடுத்து முகம் முழுக்கப் பூசச் சொன்னான். பூசினேன், களிமண் பொம்மை மாதிரி ஆனது. அதை அழித்துவிட்டு என் வழியில் போனேன். நம் ஊர் மாநிற முகத்தில் நெற்றி மஞ்சள் காவியாக இருக்கும், தோல் எலும்போடு ஒட்டியிருக்கும் இடம். மூக்கு, கன்னம், காது மூன்றிலும் ரத்தம் ஓடும், அங்கே சிவப்புக் காவி. வாய்க்குக் கீழே, தாடையில், மழித்த முடியின் வேர் தெரிவதால் ஒரு பச்சை கலந்த சாம்பல். பேனரில் தாடை நிழலில் பச்சையையும் ஊதாவையும் அள்ளி அப்புவோம், இங்கே அதில் பத்தில் ஒரு பங்கு. காது மடலின் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் ஒரு பொட்டுச் செந்தூர நிறம் வைத்தேன். வைத்ததும் அந்தக் காது உயிரோடு இருந்தது. திரையில் பேரன் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பச்சை எங்கேருந்து ஐயா வருது?" என்று கேட்டான். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

கடைசியாக ஒன்று. புதுப் போனில் எடுத்த உடம்பு கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருந்தது, பழைய தலை சற்று மொரமொரப்பாக இருந்தது. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் இந்த வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். தலையைக் கூர்மையாக்க முயன்றால் மறுபடி பொய் முகம் வரும். அதனால் மற்றவர்களை இறக்கினேன்: அப்பச்சி தலையைத் தவிர மற்ற படத்தை ஒரு துளி மங்கலாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே `Add Noise` கொஞ்சம் தூவினேன். எல்லோரும் ஒரே தாளில் விழுந்த மாதிரி ஆனார்கள்.

இந்தத் தடவை உடனே கேன்வாஸ் போடவில்லை. ஆச்சி, அப்பச்சி இரண்டு பேர் தலையும் உள்ள பகுதியை மட்டும், நிஜ அளவிலேயே, ஒரு ஏ4 போட்டோத் தாளில் 30 ரூபாய்க்கு எடுத்தேன். மூன்று தடவை அப்படி எடுத்துத் திருத்தினேன். இருபத்துமூன்றாம் நாள் மூன்றாவது தாளை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். விரலை மருவில் வைத்தார்கள், அப்புறம் காதில் வைத்தார்கள். "காது அவுகதான்" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "திருநீறு இல்லாம வெளியில கிளம்ப மாட்டாகளே" என்றார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்காகத் துடைத்திருப்பார் போலிருக்கிறது. எப்படிப் பூசுவார் என்று கேட்டேன். மூன்று விரலால் இழுப்பார், நடு விரல் கோடு மட்டும் வலக் கோடியில் கொஞ்சம் நீண்டுவிடும் என்று காற்றில் இழுத்துக் காட்டினார்கள். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, அவர் விரல் போன மாதிரியே வரைந்தேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீணான இரண்டு பிரின்ட் 3,600, செயலி 1,497, சோதனைத் தாள் 90, கடைசிப் பிரின்ட் 1,800, தேக்குச் சட்டம் 2,600. மொத்தம் 9,587. வாங்கியது 9,000. பஸ் செலவைச் சேர்க்கவில்லை. விழாவன்று ஆச்சி மீதி 4,000 ரூபாயை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். படத்தை நான்தான் மாட்டினேன், முகப்பில், நான் முன்பு சரிசெய்த எண்ணெய் ஓவியத்துக்கு அடுத்த ஆணியில்.